நெஞ்சில் தையலோடு படுத்திருப்பவருக்கு என்ன எழுதி அனுப்புவது?

கேள்வி: என் தாய்மாமாவுக்கு 58 வயது. போன வியாழக்கிழமை மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், வரும் சனிக்கிழமைதான் போக முடியும். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பலாம் என்று இப்படி எழுதினேன்: “என்ன மாமா, என்ஜினை இறக்கி வேலை பாத்துட்டாங்களாமே 😂🔧 இனிமே பிரியாணிக்கு டாட்டா 👋😜 சீக்கிரம் எந்திரிச்சு ஓடி வாங்க 🏃💪”. மாமாவும் நானும் எப்போதும் கிண்டல் பேசிக்கொள்கிறவர்கள்தான். ஆனால் என் மனைவி, “இதை அனுப்பாதீங்க” என்று தடுத்துவிட்டாள். அவள் சொல்வது சரியா? சரி என்றால் எப்படி எழுதுவது, என்ன இமோஜி போடுவது?

பதில்: உங்கள் மனைவி சொன்னது சரி. மாமா கோபித்துக்கொள்வார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சிரித்துவிடுவார், இப்போதைக்கு அதுதான் பிரச்சினை.

பைபாஸ் செய்யும்போது நெஞ்சின் நடுவில் உள்ள எலும்பை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்துதான் பெரும்பாலும் இதயத்தை அடைவார்கள். வேலை முடிந்ததும் அந்த எலும்பை எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டி, மேலே தோலைத் தைப்பார்கள். கை முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைத்துவிடலாம். நெஞ்சை அப்படிக் கட்டிவைக்க முடியாது, ஒவ்வொரு மூச்சுக்கும் அது விரிந்து சுருங்கியாக வேண்டும். எலும்பு ஓரளவு கூடிவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், முழுதாக உறுதிப்பட ஏறக்குறைய மூன்று மாதம். மாமா இப்போது முதல் வாரத்தில் இருக்கிறார். இருமல், தும்மல், சிரிப்பு மூன்றுமே விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளையும் வயிற்றுத் தசையையும் திடீரென்று இழுக்கும். இருமல் வரும் என்று முன்கூட்டியே தெரியும், தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி நர்ஸ் பழக்கியிருப்பார். கிண்டலைப் படித்ததும் வெடிக்கிற சிரிப்புக்கு அந்த அவகாசம் கிடையாது. கை தலையணையைத் தேடுவதற்குள் வலி வந்துவிடும்.

அந்த வலி அத்தோடு போவதுமில்லை. ஒருமுறை சுரீரென்று வலித்த பிறகு நோயாளி மூச்சை மேலோட்டமாக இழுக்கத் தொடங்குவார். ஆழமாக மூச்சிழுத்து, சளியை இருமி வெளியேற்ற வேண்டிய நாட்கள் இவை. மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கையில் கொடுத்து, மணிக்கொருமுறை இழுக்கச் சொல்வது அதற்காகத்தான். வலிக்குப் பயந்து அதைத் தவிர்த்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தங்கும், காய்ச்சல் வரும். ஒரு மெசேஜால் இவ்வளவும் நடந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. வலிக்கிற ஒன்றை நம் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்த மெசேஜை யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வார்டில் இருக்கும் மாமாவின் போன் அநேகமாக அத்தையின் கையில் இருக்கும். மாமாவின் கண்ணாடி பையில் இருக்கும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். உங்களுக்கும் மாமாவுக்கும் மட்டும் புரிகிற குரலும் கண் சிமிட்டலும் அந்த வாசிப்பில் வராது. நாலு நாளாகச் சரியாகத் தூங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், “என்ஜினை இறக்கி வேலை பாத்துட்டாங்களாமே” என்ற வரியைத் தன் வாயால் வாசிக்க வேண்டியிருக்கும். மாமாவே படித்தாலும் வலி மருந்தும் அரைகுறைத் தூக்கமும் சேர்ந்து அவர் கவனத்தைக் கலைத்திருக்கும். நீண்ட வரியின் முடிவு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோவது இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்களில் பலருக்கும் இருக்கிறது. கிண்டலுக்குப் பின்னால் இருக்கும் பிரியத்தைத் தேடிப் பிடிக்கிற தெம்பு அவருக்கு இப்போது இல்லை.

நீங்கள் எழுதியதை வரிவரியாகப் பார்ப்போம், ஏனென்றால் மூன்று வரியிலும் மூன்று விதமான தவறு இருக்கிறது. என்ஜின் வரி அவர் உடம்பைப் பழுதான பொருளாக்குகிறது. நெஞ்சைத் திறந்தார்கள் என்ற நினைப்பே அவருக்குப் புதிது. கண்ணாடியில் அந்தத் தழும்பை இன்னும் அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார், அதற்குள் ஸ்பேனர் படம் வேண்டாம். பிரியாணி வரி அவர் எதை இழந்தார் என்று நினைவூட்டுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு வாய் கசந்து, எதைத் தின்றாலும் ருசி தெரியாமல் இருப்பது சில வாரங்களுக்கு நீடிக்கும். உப்புக் குறைந்த கஞ்சியை வற்புறுத்தி ஊட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் சாப்பாட்டுப் பேச்சு எந்த வடிவிலும் வேண்டாம். அதோடு, “டாட்டா” என்ற சொல்லும் கையசைக்கும் 👋 படமும் இதய ஆபரேஷன் முடிந்தவரின் திரையில் ஒன்றாக நிற்பதை ஒரு நொடி கற்பனை செய்து பாருங்கள். கடைசி வரி உற்சாகப்படுத்துவதாக நினைத்து எழுதியது. ஆனால் அவர் இன்று வராந்தாவில் இருபது அடி நடந்திருந்தால் அதுவே பெரிது. கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். 🏃 படமும் 💪 படமும் அவரால் இப்போது செய்ய முடியாத இரண்டு காரியங்கள்.

சரி, என்ன எழுதுவது? இந்தச் சமயத்தில் ஒரு மெசேஜ் மூன்று காரியம் செய்தால் போதும்: செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், பதில் எழுதும் பாரத்தை இறக்கிவைக்க வேண்டும், நாள் குறித்து ஓர் உதவியைச் சொல்ல வேண்டும். ஐந்தாறு சின்ன வரிகள், போனை உருட்டாமல் ஒரே திரையில் அடங்கும் அளவு. உங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள், “விரைவில் பூரண நலம் பெற வாழ்த்துகிறேன்” என்று எழுதினால் ஆபீஸிலிருந்து யாரோ அனுப்பியதுபோல இருக்கும். உதாரணத்துக்கு:

“மாமா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வார்டுக்கு வந்துட்டீங்கன்னு அத்தை சொன்னாங்க. கேட்டப்புறம்தான் மனசு நிம்மதியாச்சு ❤️
வலியும் அசதியும் இருக்கும், மெதுவாவே தேறி வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.
இதுக்குப் பதில் எழுத வேணாம் மாமா.
சனிக்கிழமை காலையில வந்துடுவேன். அடுத்த செக்கப்புக்கு உங்களைக் கார்ல கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு.
உங்க மாப்ள 🌼”

முதல் வரியில் “அத்தை சொன்னாங்க” என்று இருப்பது காரணத்தோடுதான். அத்தை வாசிக்கும்போது தன் பெயரும் அதில் இருப்பதைக் காண்பார். அங்கே கவனிப்பாரில்லாமல் கிடப்பது பெரும்பாலும் அத்தைதான். “அவசரம் ஒண்ணும் இல்ல” என்பது “சீக்கிரம் எந்திரிங்க” என்பதற்கு நேர் எதிர். எப்போது வேலைக்குப் போவோம், எப்போது வண்டி ஓட்டுவோம் என்று அவரே மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், நாமும் அவசரப்படுத்த வேண்டாம். பதில் வேண்டாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் ஒரு ஆபரேஷன் என்றால் ஐம்பது பேர் மெசேஜ் அனுப்புவார்கள், ஒவ்வொருவருக்கும் “நலமா இருக்கேன்” என்று தட்டச்சு செய்வது அவருக்கு ஒரு வேலை. படுத்தபடி போனை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தாலே தோளும் நெஞ்சும் இழுக்கும்.

உதவியைச் சொல்லும் வரிதான் முக்கியம். “எது வேணும்னாலும் சொல்லுங்க மாமா” என்று எழுதினால் மாமா எதுவும் கேட்க மாட்டார். மாமன்மார்கள் மருமகனிடம் உதவி கேட்டுப் பழகியவர்கள் இல்லை. செக்கப்புக்குக் கூட்டிப்போவது என்று குறிப்பாகச் சொன்னால், கேட்கிற சங்கடம் அவருக்கு இல்லை. சொன்னால் செய்யக் கூடியதை மட்டும் எழுதுங்கள். அந்த நாளில் லீவு கிடைக்காது என்றால் மருந்து வாங்கித் தருவது, கரண்ட் பில் கட்டுவது என்று கைக்கு எட்டுவதைச் சொல்லலாம்.

மாமா கேட்டாரா என்று பார்க்காமல் அறிவுரை சொல்லும் வரிகள் இதில் எங்கும் வரக்கூடாது. “அப்பவே சிகரெட்டை விடச் சொன்னேன்”, “இனிமே டென்ஷன் ஆகாதீங்க”, “எங்க மேனேஜருக்கும் இதே ஆபரேஷன், ஒரே மாசத்துல வேலைக்கு வந்துட்டார்” என்பவை மூன்றும் அக்கறையில் வருபவைதான். முதலாவது குற்றம் சாட்டுகிறது, இரண்டாவது முடியாததைக் கேட்கிறது, மூன்றாவது இன்னொருவரோடு ஒப்பிடுகிறது.

இமோஜிக்கு வருவோம். மொத்த மெசேஜுக்கும் இரண்டு போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். வரியின் முடிவில் வையுங்கள், வார்த்தைகளுக்கு நடுவே செருகினால் வாசிப்பவர் தடுக்கி நிற்பார். பூ, சூரியன், இதயம் ஆகியவை சின்ன அளவிலும் அடையாளம் தெரியும்: 🌼 🌸 ☀️ ❤️. மஞ்சள் முகங்கள் அப்படியல்ல. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் 😂 என்பதும் 😭 என்பதும் ஒன்றுபோல இருக்கும். 😂 படத்தை அழுகை என்று நினைத்து இரங்கல் செய்திக்குப் போடும் பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது உங்கள் குடும்பக் குரூப்பிலும் இருப்பார்கள். முகம் வேண்டும் என்றால் 😊 ஒன்று மட்டும் பாதுகாப்பானது. 🥺 😢 இரண்டும் நம் கலக்கத்தை அவர் மேல் ஏற்றும், உங்களைத் தேற்ற வேண்டிய வேலை அவருக்கு வந்துவிடும். 💉 🩸 🤕 🏥 இவற்றை அவர் நேரிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார், திரையிலும் வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்று 🙏 படம். தனியாக அது வணக்கம், நன்றி, பிரார்த்தனை, எல்லாமும்தான். ஆனால் நம் வாட்ஸ்அப் குரூப்களில் யாராவது காலமானால் ஒரு போட்டோவும் அதன் கீழே 🙏💐🙏 என்ற வரிசையும் வருவது வழக்கமாகிவிட்டது. ஆகவே பூங்கொத்தையும் கூப்பிய கையையும் சேர்த்து அனுப்பாதீர்கள், அதிலும் எழுத்தில்லாமல் மாமாவின் போட்டோவுக்குக் கீழே போடவே போடாதீர்கள். குரூப்பைத் தாமதமாகத் திறக்கும் ஒரு சித்தப்பா அதைப் பார்த்துப் பதறி அத்தைக்குப் போன் செய்வார். வேண்டிக்கொண்டதைச் சொல்ல ஆசை என்றால் “மீனாட்சி அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன் மாமா 🙏” என்று எழுத்தோடு ஒரே ஒரு 🙏 போடுங்கள், அப்போது யாருக்கும் சந்தேகம் வராது. 🕯️ படமும் இதேபோல அஞ்சலிக்குப் பழகிவிட்டது, தவிர்த்துவிடலாம்.

இதயத்தில் கட்டுப் போட்ட ❤️‍🩹 என்ற இமோஜி இந்தச் சந்தர்ப்பத்துக்கென்றே செய்ததுபோலத் தோன்றும். அது 2020-இல் வந்தது, உள்ளே இதயமும் பிளாஸ்திரியும் என்ற இரண்டு குறிகளை ஒட்டிச் செய்தது. அப்டேட் செய்யாத பழைய போனில் அந்த ஒட்டு பிரிந்து இதயம் தனியாகவும் பிளாஸ்திரி தனியாகவும் நிற்கும், அல்லது பிளாஸ்திரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரியும். 2021-இல் வந்த 🫶 படமும் அப்படிப்பட்ட போனில் வெறும் கட்டமாகத்தான் தெரியும். மாமாவின் போன் ரொம்பப் பழசு என்றால் சாதாரணச் சிவப்பு இதயமே போதும். அதையும் வார்த்தையோடு சேர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சிவப்பு இதயத்தை மட்டும் தனியாக அனுப்பினால் அது பெரிதாகித் திரையில் துடிக்கும். இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்துப் பார்த்துக் களைத்தவருக்கு அது தேவையில்லை.

எப்போது அனுப்புவது? காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபின், பதினொரு மணி வாக்கில் வார்டு சற்று அமைதியாக இருக்கும். இரவு எட்டுக்கு மேல் வேண்டாம், கண்ணயர்ந்த நேரத்தில் போன் சத்தம் எழுப்பிவிட்டால் மறுபடி தூக்கம் பிடிப்பது கஷ்டம். போன் செய்து பேசலாமே என்று தோன்றினாலும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஆபரேஷனின்போது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டிருந்ததால் தொண்டை கரகரத்து, பேசினால் இருமல் வரும். உங்கள் குரலைக் கேட்டால் அவருக்கு ஆறுதல் என்று நினைத்தால் அரை நிமிட அளவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், மேலே உள்ள வரிகளையே மெதுவாகப் படித்தால் போதும். அத்தைக்கும் தனியாக இரண்டு வரி போடுங்கள்: “அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா? ராத்திரி யார் கூட இருக்காங்க?” இதற்கு இமோஜியே வேண்டாம்.

முதல் மெசேஜோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் உண்மையில் கஷ்டம். வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள், தூக்கம் சரியாக வராது, காரணமில்லாமல் அழுகையோ எரிச்சலோ வரும். இதய ஆபரேஷனுக்குப் பிறகு மனம் சோர்வது அடிக்கடி காண்பதுதான், பெரும்பாலும் தானாக விலகும். அந்த வாரங்களில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு வரி அனுப்புங்கள்: “மாமா, இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க? ☀️” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும், “வாசல் வரை” என்பதுபோல. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “இருக்கேன்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலும் பிடிப்பில்லை என்று பேசினாலோ, செக்கப்பின்போது டாக்டரிடம் சொல்லும்படி அத்தையிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அவர் பதிலில் சில வார்த்தைகள் வந்தால் இமோஜியோ ஆறுதலோ அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. காய்ச்சல், தையலில் நீரோ சீழோ வடிவது, திரும்பிப் படுக்கும்போது நெஞ்செலும்பு சொடுக்குவதுபோல உணர்வது, படுத்தால் மூச்சு வாங்குவது, கால் திடீரென்று அதிகமாக வீங்குவது ஆகியவற்றில் எதை எழுதினாலும் உடனே அத்தைக்கோ மாமா வீட்டில் இருக்கும் வேறு யாருக்கோ போன் செய்து, ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வையுங்கள். மூச்சுத் திணறலோ கடுமையான நெஞ்சுவலியோ என்றால் 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். காலில் வெட்டு எதற்கு, நெஞ்சில்தானே ஆபரேஷன் என்று நினைக்காதீர்கள். இதயத்துக்கு மாற்றுப் பாதை அமைக்கப் பெரும்பாலும் காலிலிருந்துதான் ரத்தக் குழாயை எடுப்பார்கள், அங்கேயும் தையல் இருக்கும், கொஞ்சம் வீக்கம் இயல்பு.

பழைய கிண்டல் எப்போது திரும்பலாம் என்ற கேள்வி உங்களுக்கு இருக்கும். தேதி குறிக்க வேண்டாம், இரண்டு அடையாளம் பாருங்கள். தலையணையைத் தேடாமல் அவரால் இரும முடிய வேண்டும், அது ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பிறகு வரும். இரண்டாவது, முதல் கிண்டல் அவரிடமிருந்து வர வேண்டும். அதற்கு முன்பே, அடுத்த வாரமே அவர் “மாப்ள, என் நெஞ்சுல ஜிப் வச்சுட்டாங்கடா” என்று எழுதினாலும் எழுதுவார். தன் உடம்பைப் பற்றி அவர் சொல்வது வேறு. நீங்கள் அதை வளர்க்காமல் “நீங்க இப்படிப் பேசுறதைப் படிச்சதுமே தெம்பாயிடுச்சு மாமா 😊” என்று மட்டும் எழுதுங்கள். தலையணை ஓரம்கட்டப்பட்ட பிறகு, கிரிக்கெட்டில் தொடங்குங்கள். அவர் உடம்பு, சாப்பாடு, வயது மூன்றையும் இந்த வருடம் முழுக்க விட்டுவிடுங்கள்.